ஆறு படி மிச்சம்

நடை மேம்பாலம் வரப்போகிறது என்று வெளியிடும் படங்களில், பாலம் சாலைக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிய ரிப்பன் போலத் தெரியும். 30 மீட்டர் அகல ஆறுவழிச் சாலை, நடுவில் தூண் கிடையாது, நடைதளமோ ஓர் அடி கனம்கூட இருக்காது. சாதாரண எஃகு உத்தரத்தில் அப்படிக் கட்ட முடியாது. பொதுவாக, தூண்களுக்கு இடையிலான தூரத்தில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு உயரம் உத்தரத்துக்கு வைப்பார்கள். இங்கே அது 1.2 மீட்டர்.

ஒடிந்துவிடும் என்று பயந்து வைக்கும் அளவல்ல இது. பெரும்பாலும் ஆட்டத்துக்குப் பயந்து வைப்பது. மனிதர்கள் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறார்கள். பாலமும் அதே வேகத்தில் அதிரக்கூடியதாக இருந்தால், ஒவ்வொரு அடிக்கும் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். பொறியாளர்களிடம் இதற்கு ஒரு சுருக்குவழிக் கணக்கு உண்டு. பாலம் தன் எடையால் எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 18ஐ வகுத்தால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்று வந்துவிடும். 13 மி.மீ. தொய்ந்தால் ஐந்து, பயமில்லை. 81 மி.மீ. தொய்ந்தால் சரியாக இரண்டு. பாரம் தாங்கும், ஆனால் நடப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

உத்தரத்தை நடைதளத்துக்கு அடியில் வைத்தால் இன்னொரு தொல்லை. லாரி போக 5.5 மீட்டர் விட்டு, அதற்குமேல் உத்தரமும் தளமுமாக 1.3 மீட்டர் சேர்த்தால், 15 செ.மீ. படியில் நாற்பத்தைந்துக்கு மேல் ஏற வேண்டும். மூட்டுவலிக்காரர் கீழேயே குறுக்கே ஓடிவிடுவார். அதனால் கெட்டிக்கார வடிவமைப்பாளர் உத்தரத்தை இரண்டு பக்கமும் தூக்கி, கைப்பிடி உயரத்துக்கு டிரஸ்ஸாக நிறுத்திவிடுவார். காலுக்குக் கீழே 40 செ.மீ. போதும். ஆறு படி மிச்சம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. டிரஸ்ஸின் மேல்கம்பி எப்போதும் அமுக்கத்தில் இருப்பது. தலைக்குமேல் குறுக்குக் கம்பி இல்லாததால் பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துபவை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் தடித்த செங்குத்துக் கால்கள். கீழே ஓடும் குறுக்கு விட்டத்தோடு அவை அசையாமல் இணைந்து, 'ப' எழுத்தின் வடிவில் நிற்க வேண்டும். இணைப்பில் பெரும்பாலும் ஒரு முக்கோணத் தகடு இருக்கும். அவற்றுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடாமல் நிற்கும் மெல்லிய கம்பிகள் தடுப்புக்கு மட்டும்தான். அவை நெட்டாகத்தான் இருக்க வேண்டும். படுக்கையாகப் போட்டால் குழந்தைக்கு ஏணி.

பராமரிப்பில் எல்லாரும் பெயிண்ட் அடிப்பது கைப்பிடிக்கு. தண்ணீரும் வெற்றிலை எச்சிலும் தேங்குவதோ அந்தத் தடித்த கால்களின் அடியில். வெல்டிங்கை ஒட்டிப் பெயிண்ட் உப்பிப் பழுப்பாக வழிந்திருந்தால், அங்கே துரு தகட்டைத் தின்னத் தொடங்கிவிட்டது. அதன்மேல் கைப்பிடி நெடுக பிளெக்ஸ் பலகை வேறு கட்டினால், டிரஸ்ஸின் சந்துகளில் புகுந்து போன காற்று முழுப் பக்கத்தையும் தள்ளும். அந்தத் தள்ளல் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று விளம்பர ஒப்பந்தம் போடுபவர்கள் கேட்பதாகத் தெரியவில்லை.