கீரியே, ரெக்வியம்

ரோமிலோ வியன்னாவிலோ லத்தீன் திருப்பலி ஒன்றுக்குள் நுழைந்தால், தொடக்கத்திலேயே ‘கீரியே எலெய்சோன்’ என்று பாடுவது காதில் விழும். வேடிக்கை என்னவென்றால், அது லத்தீன் அல்ல, கிரேக்கம். ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்று பொருள். கிழக்குத் திருச்சபைகளின் மன்றாட்டு இது. மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பழைய முறையில் ஒன்பது தடவை சொல்வார்கள். நடு மூன்றில் மட்டும் ‘கிறிஸ்தே’ என்று மாறும்.

‘ரெக்வியம்’ லத்தீன்தான், பொருள், இளைப்பாற்றி. இறந்தோருக்கான திருப்பலியின் வருகைப் பாடல் அந்தச் சொல்லில் தொடங்குவதால் திருப்பலிக்கே அது பெயராகிவிட்டது. அங்கேயும் கீரியே உண்டு. ஆனால் ஞாயிறுகளில் பெரும்பாலும் அதையடுத்து வரும் ‘குளோரியா’ என்ற புகழ்ப்பாடல் இருக்காது. 1791இல் மோட்சார்ட் முடிக்காமல் விட்டுப்போன ரெக்வியத்தைக் கேளுங்கள்: கீரியே முடிந்ததும் நேரே தீர்ப்பு நாள் பாடல்தான்.