'வொர்க் ஃப்ரம் ஹோம்தான்' என்று வாயால் சொன்னார்கள்... ஆஃபர் லெட்டரில் காணோமா? கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியது என்ன?

"வீட்ல இருந்தே வேலை பாருங்க. மாசம் ஒரு தடவை ஆபீஸ் வந்தா போதும்." இன்டர்வியூவில் மேனேஜரே இப்படிச் சொல்லியிருப்பார். நாலு நாள் கழித்து ஆஃபர் லெட்டர் வரும். சம்பளம், சேரும் தேதி, நோட்டீஸ் பீரியட் எல்லாம் இருக்கும். வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே இருக்காது.

ஹெச்.ஆரிடம் கேட்டால், "அது எல்லாருக்கும் போற லெட்டர், கவலைப்படாதீங்க" என்பார். பெரும்பாலும் அது பொய்யும் இல்லை. ஆனால் நாளைக்கு மேனேஜர் மாறினால் கையில் இருப்பது அந்த லெட்டர் மட்டும்தான்.

லெட்டர் சும்மா இருக்கிறதா, மறுக்கிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இரண்டு வரிகள். ஒன்று, 'பணியிடம்: சென்னை' என்பது போன்ற வரி. இன்னொன்று பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும்: 'இந்தக் கடிதமே முழு ஒப்பந்தம், இதற்கு முன் பேசியவை எதுவும் செல்லாது.'

வாய்மொழி ஒப்பந்தம் என்பதாலேயே அது செல்லாது என்று நம் சட்டம் சொல்வதில்லை. ஆனால் நிபந்தனைகளை எழுத்தில் போட்டுவிட்டால், அதற்கு முரணான வாய்ப்பேச்சைச் சாட்சியமாகக் காட்ட முடியாது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 92வது பிரிவில் இருந்த இந்த விதி, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 95வது பிரிவில் இருக்கிறது. ஆவணம் ஒரு விஷயத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், வாய்ப்பேச்சும் அதற்கு முரணாக இல்லாமல் இருந்தால் விதிவிலக்கு உண்டு. அந்தக் கதவைத்தான் 'பணியிடம்: சென்னை' வரி மூடப் பார்க்கிறது.

எப்போது கேட்பது?

ஆஃபர் வந்த பிறகு, அதை ஏற்பதற்கு முன். முக்கியமாக, இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுப்பதற்கு முன்.

ஒரு உதாரணம். திருநெல்வேலியில் இருக்கும் ஒரு பெண், இரண்டு வயதுக் குழந்தை, அம்மா துணை. சென்னை கம்பெனி ஆஃபர் தருகிறது. ராஜினாமா போட்ட பிறகு கேட்டால், "இல்லைங்க, ஆபீஸ்தான்" என்று பதில் வந்தாலும் அவரால் பின்வாங்குவது கஷ்டம். அதனால் ராஜினாமாவுக்கு முன்பே ஹெச்.ஆருக்கு மெயில் போடுகிறார். இங்கிலீஷில் போனாலும் சாரம் இதுதான்:

"ஆஃபருக்கு நன்றி. 12ஆம் தேதி பேசியபோது, திருநெல்வேலியில் வீட்டிலிருந்து முழுநேரமும் வேலை, மாதம் ஒருமுறை மட்டும் சென்னை அலுவலகம் என்று சொல்லப்பட்டது. லெட்டரில் பணியிடம் சென்னை என்று உள்ளது. இந்த ஏற்பாட்டைச் சேர்த்துத் திருத்திய லெட்டரோ இணைப்புக் கடிதமோ தர முடியுமா? இதை மாற்றுவதானால் 60 நாள் முன்னறிவிப்பு என்றும் சேர்க்க வேண்டுகிறேன். வந்ததும் கையெழுத்திட்டு அனுப்புகிறேன்."

சந்தேகப்படுகிற தொனி இதில் இல்லை. ஊர், எத்தனை நாள், மாற்றினால் என்ன என்ற மூன்றும் இருக்கிறது. 60 நாள் எதற்கு? எழுதிக் கொடுத்த ஏற்பாட்டையும் கம்பெனி பின்னால் மாற்றப் பார்க்கலாம். அப்போது வீடு பார்க்க, அல்லது வேறு வேலை தேட, அவகாசம் வேண்டுமே!

பதில் எப்படி வரும்?

திருத்திய லெட்டர் வந்தால் பிரச்சினை முடிந்தது. "கம்பெனி பாலிசிப்படி வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம்" என்று வந்தால் உஷார். பாலிசி மாறினால் ஏற்பாடும் மாறும். அந்த பாலிசியை அனுப்பச் சொல்லிப் படித்துவிடுங்கள்.

மெயிலுக்குப் பதில் போடாமல் போன் செய்வதும் வழக்கம்தான். பேசி முடித்த கையோடு, "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று மெயில் போட்டு, 'ஆம்' என்ற பதிலை வாங்குங்கள். மேனேஜரின் வாட்ஸ்அப் மெசேஜ் இல்லாததற்குப் பரவாயில்லை. ஆனால் ஹெச்.ஆரின் அலுவலக மெயிலுக்கு அது ஈடாகாது.

லெட்டரை மாற்றவே முடியாது, மெயிலில் மட்டும் உறுதி தருகிறோம் என்கிறார்களா? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 'முன்பு பேசியவை செல்லாது' என்ற வரி அந்த மெயிலையும் அடித்துவிடலாம். அதனால் ஏற்பு மெயிலில், "இன்ன தேதி மெயிலில் நீங்கள் உறுதி செய்த ஏற்பாட்டுடன் சேர்த்து ஆஃபரை ஏற்கிறேன்" என்று எழுதுங்கள். போர்ட்டலில் 'அக்செப்ட்' பட்டனை அழுத்துவது இந்த மெயிலுக்குப் பிறகுதான். எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கி சொந்த மெயிலில் வையுங்கள். வேலையை விட்டால் அலுவலக மெயில் மூடிவிடும்.

சேரும் நாளில் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் என்று இன்னொன்றை நீட்டுவார்கள். அதில் பழையபடி 'பணியிடம்: சென்னை' மட்டும் இருக்கலாம், கையெழுத்திட்டால் இத்தனை பாடும் வீண். திருத்தித் தரச் சொல்லிவிட்டு, அதுவரை பேனாவை மூடியே வையுங்கள்.