லாபமான வேலையில் ஏன் கையில் காசில்லை?

கிழக்கு மாகாணத்தில் கட்டங்கட்டமாகப் பணம் வரும் முறை புதிதல்ல. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய், வேலை ஏற ஏற உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குப் பகுதி பகுதியாக வந்தது. அரசாங்க வீடமைப்புத் திட்டங்களிலும் இதே ஒழுங்குதான். 2019இல் ஆட்சி மாறியபின் தவணைகள் நின்று, கூரையேறாத சுவர்களோடு பல வீடுகள் நின்றன. கடன்பட்டுக் கட்டியவர்களின் நிலை மிகக் கொடுமையானது.

தவணை நிற்காமல் ஒழுங்காக வந்தாலும் சிறு ஒப்பந்தகாரர் முட்டுப்படுவார். எப்படி என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். மூதூர்ப் பக்கம் ஒரு முன்பள்ளிக் கட்டடம், ஒப்பந்தத் தொகை 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். செலவு 36 லட்சம், லாபம் 4 லட்சம். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என நான்கு கட்டம், ஒவ்வொன்றுக்கும் நாலு கிழமை. செலவு முறையே 8, 11, 11, 6 லட்சம். பில்கள் 8, 12, 12, 8 லட்சம்.

தொடக்கத்தில் 8 லட்சம் முற்பணம் கிடைக்கிறது. ஆனால் அதை ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒன்றாகத் திருப்பி வெட்டுவார்கள். அதோடு பத்து வீதத்தைப் பிடித்துவைப்புப் பணமாக, மொத்தத்தில் 5 வீதம் சேரும்வரை, நிறுத்திக்கொள்வார்கள். ஆகவே 8 லட்சத்து அத்திவாரப் பில் கைக்கு வரும்போது 5 லட்சத்து 60 ஆயிரம்தான். அதுவும் உடனே வராது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளக்கவேண்டும், சான்றுப்படுத்தவேண்டும், பிறகு திறைசேரியின் இம்பிரஸ்ட் வந்தால்தான் காசோலை. இந்தக் கணக்கில் ஐந்து கிழமை என்று எடுத்திருக்கிறேன்.

இனி ஒரு கொப்பித் தாளில் கிழமைக்கு ஒரு வரி போட்டு, வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்து, மிச்சத்தை அடுத்த வரிக்குக் கொண்டுபோங்கள். நாலாம் கிழமை முற்பணம் முழுதும் தீர்ந்து கை வெறுமை. எட்டாம் கிழமை 11 லட்சம் குறைவு. ஒன்பதாம் கிழமை முதல் பில் வருகிறது, ஆனால் கூரை வேலையும் தொடங்கிவிட்டது. பன்னிரண்டாம் கிழமை முடிவில் குறைவு 16 லட்சத்து 40 ஆயிரம்! 4 லட்சம் லாபத்துக்கு இவ்வளவைக் கைக்காசாகவோ கடனாகவோ போடவேண்டியிருக்கிறது. மாதம் 3 வீத வட்டிக்கு வாங்கினால், கடன் தீரும்வரை ஏறத்தாழ ஒரு லட்சம் வட்டிக்கே போகும். லாபத்தில் கால்பங்கு.

விலை கேட்கும்போது பார்க்கவேண்டியது இந்த ஆகத் தாழ்ந்த புள்ளியைத்தான். 16 லட்சம் புரட்ட வழியில்லையென்றால், இந்த வேலையை இந்த நிபந்தனையில் எடுக்கவே கூடாது.

நிபந்தனையை மாற்றலாம், அதுவும் கையெழுத்துக்கு முன்னால். சுவர்ப் பில்லையும் கூரைப் பில்லையும் இரண்டிரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: யன்னல் அடிமட்டத்தில் ஒன்று, லிண்டல் மட்டத்தில் ஒன்று என்பதுபோல. தொகை மாறாது, ஆனால் பள்ளம் 12 லட்சத்துச் சொச்சமாகக் குறையும். செலவில் பாதி சாமான் என்றால், ஹார்ட்வெயார் கடையில் ஒரு மாதக் கடன் பேசினால் அது 7 லட்சத்துக்குள் வந்துவிடும். கடைக்காரர் கடனுக்கு விலை கூட்டுவார், அந்தக் கூடுதலை வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்மாருக்கும் கூலியாட்களுக்கும் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும், அதில் கைவைத்தால் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

தாளை ஒருமுறை எழுதி மூடிவைப்பதில் பயனில்லை. பில் ஐந்து கிழமைக்குப் பதிலாக ஒன்பது கிழமையில் வந்தால் என்ன என்று இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். எதையும் பிரிக்காத, கடன் பேசாத பழைய கணக்கில் பள்ளம் 22 லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு வேலையின் பில்லை வைத்து இன்னொரு வேலையின் கடைக் கணக்கைக் கட்டத் தொடங்கினால், அந்தப் பள்ளத்துக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்டோம் என்று அறியலாம். விலையேற்றத்துக்கு இந்தத் தாள் காவல் இல்லை. 2021இல் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியபோது, விலைச் சீராக்கல் நிபந்தனை இல்லாத ஒப்பந்தங்களில் எந்தக் கணக்கும் நிற்கவில்லை.

திருகோணமலையில் தொடங்கும் மாதத்தையும் தாளில் எழுதவேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்தில் வானம் வெட்டினால் பன்னிரண்டாம் கிழமை ஒக்டோபர் கடைசியில் விழும். வடகீழ்ப் பருவமழை இறங்கும் நேரம் அது. பூச்சு வேலை இழுபடும், கடைசிப் பில்கள் டிசம்பர் 31ஆம் திகதி கணக்கு முடியும் நெருக்கடியில் மாட்டும். அதே வேலையைப் பெப்ரவரியில் தொடங்கினால் கூரைப் பில் மே மாதத்திலேயே மேசைக்குப் போய்விடும்.