மீதியில் ஓடும் கடிகாரம்

17 மிட்டாயை 5 பேருக்குச் சமமாகப் பங்கு வைத்தால் ஆளுக்கு 3 கிடைக்கும், 2 மிஞ்சும். அந்த 3 ஈவு, 2 மீதி. தசமப் புள்ளி படித்த பிறகு நாம் 3.4 என்று எழுதிவிட்டு மீதியை மறந்துவிடுகிறோம். நிரல் எழுதுகிறவர்களுக்கு அந்த மீதி அடிக்கடி தேவைப்படுகிறது. பைத்தான் மொழியில் `17 // 5` என்றால் ஈவு 3 வரும். `17 % 5` என்றால் மீதி 2 வரும். இந்த `%` குறிக்கும் சதவீதத்துக்கும் சம்பந்தமில்லை.

ஓர் எண் இரட்டைப்படையா என்று அறிய, `n % 2 == 0` என்று கேட்டால் போதும். 2-ஆல் வகுத்து மீதி எதுவும் இல்லையென்றால் அது இரட்டைப்படை.

கடிகாரத்துக்கு ஈவு, மீதி இரண்டுமே வேண்டும். நள்ளிரவிலிருந்து 50,000 விநாடிகள் கழிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இப்போது மணி என்ன?

```python
s = 50000
h = s // 3600
m = s % 3600 // 60
sec = s % 60
```

ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடி. 50,000-ஐ அதால் வகுத்தால் ஈவு 13, மீதி 3,200. அந்த 3,200-ஐ 60-ஆல் வகுத்தால் ஈவு 53, மீதி 20. ஆகவே நேரம் 13:53:20. முதல் வகுத்தலில் மிஞ்சியதுதான் அடுத்த வகுத்தலுக்குப் போகிறது.

இதை 12 மணிக் கடிகாரமாக மாற்ற `13 % 12` போட்டால் 1 வருகிறது, சரிதான். ஆனால் நண்பகலில் `12 % 12` என்பது 0. வழக்கமான 12 மணிக் கடிகாரம் பூஜ்ஜியம் மணி காட்டுவதில்லை. இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு: `(h + 11) % 12 + 1`. நண்பகலில் 23-ஐ 12-ஆல் வகுத்த மீதி 11, அதோடு 1 கூட்டினால் 12. பிற்பகல் ஒரு மணிக்கு 24-இன் மீதி 0, கூட்டினால் 1. நள்ளிரவுக்கும் 12 என்றே வரும்.

முள்ளைப் பின்னுக்குத் திருப்பும்போதுதான் கவனம் தேவை. மணி 2, ஐந்து மணி நேரத்துக்கு முன் மணி 9. பைத்தானில் `(2 - 5) % 12` சரியாக 9 தருகிறது. சி, ஜாவா மொழிகளிலோ -3 வருகிறது. அந்த மொழிகளில் ஈவு பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டப்படுவதால், வகுபடும் எண்ணின் கழித்தல் குறி மீதியிலும் ஒட்டிக்கொள்கிறது. அங்கே 12-ஐக் கூட்டிவிட்டு மீதி காண வேண்டும்: `(2 - 5 + 12) % 12`.

ஒற்றைப்படைச் சோதனையிலும் இதே சிக்கல் வருகிறது. `n % 2 == 1` என்று எழுதினால் 7 தேறிவிடும். -7 தேறாது, ஏனென்றால் சி மொழியில் அதன் மீதி -1. `n % 2 != 0` என்று எழுதினால் இரண்டும் ஒற்றைப்படை என்றே வரும், எந்த மொழியிலும்.