விளம்பரத்தின் குறியும் மொழியும்

வானொலி விளம்பரம் ஊரறியப் பறை சாற்றுதல் போன்றது. பருத்தித்துறையில் இருப்பவர் செவியிலும் பதுளையில் இருப்பவர் செவியிலும் ஒரே வாசகமே விழும். இணையத்தின் நிலை வேறு. யூடியூப் போன்ற தளங்களிலே விளம்பரம் செய்வோர், இன்ன வயதினர், இன்ன பகுதியினர், இன்ன துறையில் நாட்டமுடையோர் என ஆளைத் தெரிந்தெடுத்துக் காட்டலாம். ஆயினும், ஆளைத் தெரிந்த பின்னர் வாசகத்தைப் பழைய பொதுநடையிலேயே விட்டுவிடுவோர் பலர். தெரிவு ஒரு வழியும் சொல் மற்றொரு வழியுமாகச் சென்றால் செலவிட்ட பணம் வீணாகும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பயிர்களுக்கு நீர் தூவும் கருவிகளைச் சிறு கூட்டுறவுச் சங்கமொன்று விற்க முயல்கிறது. அதன் விளம்பரம் 15 வினாடி கொண்டது; அதற்குள் ஏறத்தாழ 30 சொற்களே அடங்கும். தாண்டிச் செல்லக்கூடிய யூடியூப் விளம்பரத்தை 5 வினாடி கழிந்ததும் பார்வையாளர் தள்ளிவிடலாம். ஆகவே, முதற் பத்துச் சொற்களுக்குள் அவர் தம்மை அடையாளங் கண்டுகொள்ள வேண்டும்.

“தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச எளிய வழி” என்று சங்கம் முதலில் எழுதியது என்க. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் விளையும் செம்மண் நிலம். நுவரெலியாவிலோ அச்சொல்லைக் கேட்டதும் பலர் உள்ளத்தில் தோன்றுவது தேயிலைத் தோட்டமும் அதன் லயன்களுமே. சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டு. எனவே, பகுதி இரண்டானால் வாசகமும் இரண்டாதல் வேண்டும்.

வலிகாமத்துக்கு, “பத்துப் பரப்பு வெங்காயம். இறைத்து முடியவே பொழுது போகிறதா?” என்று தொடங்கலாம். பரப்பு என்பது அங்குள்ளோர் நிலம் அளக்கும் கணக்கு. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். இறைப்பு என்ற சொல்லோ கிணற்றையும் வாய்க்காலையும் கூடவே கொணரும். நுவரெலியாவுக்கு, “சரிவில் கரட் பாத்தி. விட்ட தண்ணீர் மண்ணையும் கொண்டுபோகிறதா?” எனலாம். அங்கே கிணற்றைப் பேசுதல் பொருந்தாது. சரிவிலே மண் அரித்தோடுவதே உழவரின் கவலை.

அடுத்தது வயது. 65 வயதைக் கடந்த யாழ்ப்பாணத்து உழவரிடம் துலாவைப் பற்றிக் கூறினால், துலா மிதித்து நீரிறைத்த காலம் அவர் கண்முன் வரும். 25 முதல் 34 வயது வரையுள்ளவருக்கோ அது பாட்டன் சொன்ன கதை. நீரிறைக்கும் இயந்திரத்தின் எரிபொருட் செலவே அவர் அறிந்த துன்பம். ஆனால், கூகிளின் வயதுப் பிரிவுகளில் ‘வயது அறியப்படாதோர்’ என ஒன்றும் உண்டு. அதனை நீக்கினால் வாங்கக்கூடிய பலரை இழக்க நேரும். சேர்த்தால், அவருக்குத் துலாவும் இல்லாத பொதுவான வாசகமே தக்கது.

நாட்டம் என்பது மூன்றினும் நம்பகம் குறைந்தது. பயிர்ச்செய்கையில் நாட்டமுடையோர் என்னும் தொகுதியில், மாடியிலே சாடியில் கத்தரி வளர்ப்பவரும் அடங்குவர். பகுதித் தெரிவிலும் ஒரு பொறி உண்டு. கூகிளில் விளம்பரகாரர் மாற்றாது விட்டால், அவ்விடத்தில் இருப்போரோடு அவ்விடத்தைப் பற்றித் தேடுவோரும் சேர்க்கப்படுவர். கனடாவிலிருந்து யாழ்ப்பாணச் செய்தி தேடுபவருக்கும் நீர் தூவும் கருவி காட்டப்படும். இங்கே வாசகமே காவலாக நிற்கும். ‘பத்துப் பரப்பு’ என்று கேட்டதும் சாடியில் பயிர் வளர்ப்பவர் தள்ளிவிட்டுப் போவார். பார்வைக்குக் கட்டணம் என்னும் முறையில், 30 வினாடிக்குக் குறைந்த விளம்பரத்தை இறுதிவரை பாராமலும் அதில் எதையும் அழுத்தாமலும் சென்றவருக்குப் பணம் அறவிடப்படாது.

பிழை எங்கே என்பதை அறிய, இரு பகுதிகளையும் தனித்தனித் தொகுதிகளாக நடத்த வேண்டும். விளம்பரத்தின் காற்பங்கு, அரைப்பங்கு, முக்காற்பங்கு வரை பார்த்தோர் எத்தனை வீதம் என்பதைத் தளம் காட்டும். நுவரெலியாவில் மட்டும் காற்பங்குக்குள் பெரும்பாலோர் விலகினால், தொடக்கச் சொல்லை ஐயுற வேண்டும். இறுதிவரை பார்த்தும் எவரும் தொலைபேசியில் அழைக்கவில்லையெனில், சொல்லன்று, விலையோ ஆள்தெரிவோ பிழை. ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றுதல் வேண்டும். இரண்டை மாற்றினால் எது பயன்தந்தது என்பது விளங்காது.

ஓர் எல்லையும் உண்டு. தெரிந்தெடுத்ததை வாசகத்தில் வெளிப்படக் கூறுதல் தகாது. “அறுபத்தைந்து வயதைக் கடந்த உங்களுக்கு” என்று தொடங்கினால், தம்மை யாரோ வேவு பார்ப்பதாகக் கேட்பவர் திடுக்கிடுவார். பேஸ்புக் விளம்பர விதிகளும் பார்ப்பவரின் வயது போன்ற சொந்த இயல்புகளைச் சுட்டுவதைத் தடைசெய்கின்றன. துலா என்ற ஒரு சொல் வயதைக் கேளாமலே முதியவரை அழைத்துவிடும். பரப்பு என்ற சொல் ஊரைக் கேளாமலே உழவரை நிறுத்திவிடும்.