67 மதிப்பெண்ணுக்கு ஏழு வாரங்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் படிக்கும் மாணவருக்கு, எழுத்துத் தேர்வுள்ள ஒரு பாடத்தில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. இரண்டும் சேர்ந்து 50 வந்தால் பாஸ். அதோடு செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமாவது வேண்டும். கணக்குப் பாடத்தில் ஒரு மாணவியின் இன்டர்னல் 10 என்று வைத்துக்கொள்வோம். மீதி 40 மதிப்பெண்ணை அவர் 60-க்குள் எடுக்க வேண்டும். அதாவது 100-க்கு எழுதும் தாளில் 67.

இந்த நிலையில் பலர் கேட்கும் யோசனை ஒன்று உண்டு: "மூணு யூனிட்டை மட்டும் நல்லா படி, போதும்." இந்த மாணவிக்கு அது போதாது. முதல் செமஸ்டர் கணக்கான மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸ் பாடத்தில் ஐந்து யூனிட். யூனிட்டுக்கு இரண்டு டூ மார்க் கேள்விகள், ஒரு 16 மார்க் கேள்வி, ஆக 20. மூன்று யூனிட்டில் முழு மதிப்பெண் வாங்கினாலும் 60-தான். எந்த யூனிட்டையும் அடியோடு விட முடியாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவில் படிக்கவும் தேவையில்லை. மேட்ரிக்ஸ், பல மாறிச் சார்புகள், மல்டிபிள் இன்டெக்ரல் மூன்றின் 48-ல் 42. டூ மார்க் 20-ல் 14. மீதி இரண்டு யூனிட்டின் 32-ல் 14. மொத்தம் 70. கையில் மூன்று மதிப்பெண் மிச்சம்.

முதல் வாரம் முழுக்க மேட்ரிக்ஸ். இதற்கு கால்குலஸ் தேவையில்லை, வழிமுறை மாறாது, போட்ட விடை சரியா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். முதல் வரிசை 8, −6, 2. இரண்டாவது −6, 7, −4. மூன்றாவது 2, −4, 3 என்ற மேட்ரிக்ஸை எடுங்கள். இதன் ஐகன் மதிப்புகள் 0, 3, 15. கூட்டினால் 18, மூலைவிட்ட எண்களான 8, 7, 3-ஐக் கூட்டினாலும் 18. இந்த இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேலே போகாமல் அங்கேயே நின்று தவறைத் தேட வேண்டும். அடுத்து ஐகன் வெக்டர்கள்: (1, 2, 2), (2, 1, −2), (2, −2, 1). எந்த இரண்டை எடுத்து உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினாலும் பூஜ்யம் வர வேண்டும். சமச்சீர் மேட்ரிக்ஸுக்கு இந்தச் சோதனை அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் போகிறவர்கள்தான் குவாட்ராடிக் ஃபார்ம் கணக்கில் இரண்டு பக்கம் எழுதிய பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் வாரம் வகையிடல், மூன்றாம் வாரம் பல மாறிச் சார்புகள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். வகையிடல் விதிகள் கையில் ஓடாமல் ஜேக்கோபியனோ லாக்ராஞ்ச் முறையோ வராது. இரண்டாவது யூனிட்டில் ஒரு மாறியின் உச்ச, நீச மதிப்புக் கணக்குகளில் மட்டும் கூடுதல் நேரம் செலவிட்டால் போதும்.

நான்காம் வாரம் தொகையிடல்: பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னம் இரண்டையும் தினம் நான்கு கணக்கு. ஐந்தாம் வாரம் மல்டிபிள் இன்டெக்ரல். இங்கே மதிப்பெண் போவது பெரும்பாலும் எல்லைகளில். e⁻ʸ/y என்பதை y-க்கு x முதல் முடிவிலி வரை, x-க்கு 0 முதல் முடிவிலி வரை தொகையிடச் சொன்னால் நேர்வழியில் நகர முடியாது. முதலில் y = x கோட்டை வரைந்து அதற்கு மேலுள்ள பகுதியை நிழலிடுங்கள். செங்குத்துப் பட்டையைக் கிடைமட்டமாக்கினால் x-க்கு 0 முதல் y வரை, y-க்கு 0 முதல் முடிவிலி வரை. உள்ளே y வந்து கீழேயுள்ள y அடிபட்டுவிடும், விடை 1. படம் வரையாமல் எல்லையை மாற்றுகிறவர் பழைய எல்லைகளையே இடம் மாற்றி எழுதிவிடுகிறார்.

ஒவ்வொரு ஞாயிறும் முந்தைய யூனிட்டுகளிலிருந்து இரண்டு கணக்குகளை நோட்டை மூடிவைத்துப் போட வேண்டும். பார்த்துப் போட்டபோது புரிந்த கணக்கு, ஒரு வாரம் கழித்து முதல் வரியிலேயே நின்றால் அது இன்னும் படித்த கணக்கு இல்லை.

ஆறாம் வாரம் டூ மார்க்குகளும் கலவைக் கணக்குகளும். ஏழாம் வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்துப் பழைய வினாத்தாள் மூன்று. அவற்றை நண்பரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். நம் கையெழுத்தில் விட்டுப்போன படிகள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டில் 75 வந்தால்தான் தேர்வறையில் 67-ஐ நம்பலாம். இரண்டாவது தாளிலும் 60-ஐத் தாண்டாவிட்டால் புதிய தலைப்பு எதையும் தொடாதீர்கள். மீதமுள்ள நாட்களை, அந்தத் தாள்களில் பாதியில் நின்ற 16 மார்க் கணக்குகளை முடிக்கவே கொடுங்கள்.