எத்தனை முறை வினவுவது, எப்போது நிறுத்துவது?

பழைய தமிழ் நூல் ஒன்றின் 300 பக்கங்களைப் படமெடுத்து, அவற்றிலுள்ள எழுத்துகளைக் கணினியால் படித்துத் தரும் வெளிச்சேவை ஒன்றுக்கு அனுப்புகிறோம் எனக் கொள்வோம். ஒரு பக்கமாயின் விடை உடனே வந்துவிடும். 300 பக்கங்களுக்கோ நேரம் பிடிக்கும். அதுவரை இணைய இணைப்பைத் திறந்தே வைத்திருந்தால், இடையிலுள்ள கணினிகளுள் ஏதேனும் ஒன்று அதனைத் துண்டித்துவிடக்கூடும். ஆகவே, இத்தகைய சேவை 202 என்னும் குறியீட்டை மட்டும் உடனே அனுப்பும். ‘வேண்டுகோளை ஏற்றுக்கொண்டோம், பணி இன்னும் முடியவில்லை’ என்பது அதன் பொருள். கூடவே, நிலையை அறிவதற்கான ஓர் அடையாள எண்ணும் வரும். சலவைக் கடையில் துணியைக் கொடுத்துச் சீட்டு வாங்கி வருவதை இதற்கு ஒப்பிடலாம். துணி வெளுத்தாயிற்றா என்று நாம்தாம் போய்க் கேட்க வேண்டும்.

எப்போது கேட்பது? பணி முடிய 100 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு ஒரு முறை வினவினால், 100 வினாக்களுள் 99 வீணாகும். ஒரே நேரத்தில் பலரும் இவ்வாறு வினவினால், சேவை 429 என்னும் குறியீட்டால், ‘அளவுக்கு மீறிக் கேட்கிறீர்’ என்று மறுத்துவிடும். மாறாக, முதலில் 2 வினாடி பொறுத்து வினவி, பின் 4, 8, 16, 32 எனக் காத்திருப்பை இரட்டித்து, 60 வினாடியை உச்சமாக வைத்துக்கொள்ளலாம். அப்போது நம் வினாக்கள் 2, 6, 14, 30, 62, 122 ஆகிய வினாடிகளில் அமையும். ஆறாம் வினாவில் விடை கிடைத்துவிடும். 22 வினாடி தாமதம் நேர்ந்தாலும், 94 வினாக்கள் மிச்சம். சிறிய பணியாயின் தொடக்கத்திலேயே விடை வந்துவிடும். சேவையே Retry-After என்னும் தலைப்பில் இத்தனை வினாடி பொறுக்க என்று குறித்திருப்பின், நம் கணக்கை விடுத்து அதனையே பின்பற்ற வேண்டும்.

இம்முறை புதியதன்று. 1976இல் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் போக்ஸும் ஈதர்நெட் வலைப்பின்னலைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இதன் கரு உண்டு. ஒரே கம்பியில் இரு கணினிகள் ஒருசேரச் செய்தி அனுப்பினால் மோதல் நேரும். இரண்டும் ஒரே அளவு பொறுத்தால் மீண்டும் மோதும். எனவே ஒவ்வொன்றும் ஒரு வரம்புக்குள் ஏதேனும் ஒரு நேரத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து பொறுக்கும். மோதல் தொடர்ந்தால் அவ்வரம்பு இரட்டிக்கும். பின்னர் வந்த தரநிலை, 10 மோதல்களுக்குப் பின் வரம்பு வளராது என்றும், 16 முயற்சிகளோடு கைவிட வேண்டும் என்றும் வகுத்தது. நமக்கும் இது பொருந்தும். பத்து நூல்களை ஒருசேர அனுப்பினால், பத்து வினாக்களும் ஒரே நொடியில் போய் விழும். 32 வினாடிக்கு மாற்றாக 16க்கும் 32க்கும் இடையே ஏதேனும் ஒரு நேரம் பொறுத்தால் அவை சிதறிவிடும்.

இனி, முயற்சிகளுக்கான வரம்பு. வரம்பே இல்லாத நிரல், தொலைந்துபோன ஒரு பணிக்காக என்றென்றும் கேட்டுக்கொண்டிருக்கும். ஆயினும், வரம்பை எட்டியபின் என்ன செய்கிறோம் என்பதிலேதான் பெரும்பிழை நேர்கிறது. நான் எழுதிய ஒரு நிரலில் ஐந்து முயற்சிகளே வைத்திருந்தேன். அவை 62ஆம் வினாடியில் முடிந்தன. அதனைத் தோல்வி எனக் கருதிய நிரல், அதே நூலை மறுபடியும் அனுப்பியது. மூன்றாம் முறையும் அனுப்பியது. முடிவில் ‘இயலவில்லை’ என்று அறிவித்தது. சேவையின் பக்கமோ மூன்று பணிகளும் நூறாம் வினாடியளவில் செவ்வனே நிறைவேறியிருந்தன. கேட்பாரில்லை. 900 பக்கங்களுக்குக் கட்டணம் வந்தபோதுதான் பிழை தெரிந்தது.

வரம்பு தீர்ந்தது என்பதற்கு, ‘நாம் கேட்பதை நிறுத்தினோம்’ என்பதே பொருள். ‘பணி கெட்டது’ என்பதன்று. பணி தோற்றதென்று சேவையே சொன்னால், உடனே நிறுத்தலாம். வினா போய்ச் சேராமல் இணைப்பு அறுந்தாலோ, பணியைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை; ஒரு முயற்சியாக எண்ணிக்கொண்டு தொடர வேண்டும்.

திருத்திய நிரல், அடையாள எண்ணை வந்தவுடனே கோப்பில் எழுதி வைக்கிறது. வழக்கமாக ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, பத்து முயற்சிகளாக, மொத்தம் 362 வினாடி வரை காத்திருக்கிறது. அதற்கும் விடை வராவிடின், ‘நிலை அறியப்படவில்லை’ எனக் குறித்துவிட்டு நிற்கிறது. மறுநாள் இயக்கும்போது நூலை மீண்டும் அனுப்பாமல், பழைய எண்ணைக் கொண்டே வினவுகிறது. சேவைகள் முடிவுகளைக் குறிப்பிட்ட காலமே வைத்திருக்கும் என்பதால், அக்காலம் கடக்குமுன் கேட்டுவிட வேண்டும். சீட்டு கையிலிருக்க, அதே துணிக்கு இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டியதில்லை.